நின்ன இடத்துலயே மயங்கி விழுறது ஏன்? வேகஸ் நரம்பும் பிபியும் சேர்ந்து பண்ற வேலை

மார்ச், ஏப்ரல் வந்தாச்சுன்னா களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம் பக்கம் புழுக்கம் தாங்காது. ஸ்கூல் அசெம்பிளில ஒரு பிள்ளை விழுந்துச்சு, பெரிய வெள்ளி ஆராதனைல ஒரு பையன் விழுந்துட்டான், ரத்த தான முகாம்ல ஒருத்தர் சரிஞ்சுட்டார்னு அடிக்கடி கேள்விப்படுவோம். உடனே வாட்ஸ்அப்ல ஹார்ட் அட்டாக்குன்னு ஒருத்தர் போடுவார், இன்னொருத்தர் சுழலி தீனம், அதாவது வலிப்புன்னு சொல்லுவார், மூணாவது ஆள் சுகர் இறங்கிடுச்சும்பார். இளவயசுல, நின்னுக்கிட்டு இருக்கும்போது, முன்னாடியே ஒரு மாதிரி வந்து, அப்புறம் விழுந்து, ஒரு நிமிஷத்துக்குள்ள தெளிஞ்சு எழுந்தா, பெரும்பாலும் அது வேசோவேகல் மயக்கம்தான்.

இது அனேகமா ஆபத்தில்லாதது. ஆனா விழுந்த ஆளைச் சுத்தி நிக்கிறவங்க பண்ற ஒரு காரியத்தால, பத்துப் பதினஞ்சு செகண்ட்ல முடிய வேண்டிய மயக்கம் கை கால் வெட்டி இழுக்குற அளவுக்குப் போய், அதைப் பார்த்து வலிப்புன்னு பேர் வச்சு, வருஷக்கணக்குல மாத்திரை சாப்பிடுற நிலைமைக்குக் கூட போயிடுது. அது எப்படின்னு புரியணும்னா ரத்தம் தலைக்கு எப்படி ஏறுதுங்கறதுல இருந்து ஆரம்பிக்கணும்.

மூளைக்கு ஸ்டாக் கிடையாது

நம்ம எடைல மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனா இதயம் நிமிஷத்துக்கு அடிச்சுத் தள்ளுற 5 லிட்டர் ரத்தத்துல ஏறக்குறைய 700 மில்லி அதுக்கே போகுது. அந்த ரத்தத்துல வர்ற ஆக்சிஜனைச் சேமிச்சு வைக்க மூளைக்கு இடமே இல்ல, வர வர செலவு. அதனாலதான் ரத்த ஓட்டம் திடீர்னு நின்னா 6லேர்ந்து 8 செகண்டுக்குள்ள நினைவு போயிடும். காலுக்கு ரத்தம் அஞ்சு நிமிஷம் கம்மியானா மரத்துப் போகும், அவ்வளவுதான். மூளை அந்த மாதிரி பொறுக்காது.

அடுத்து உயரம். நிக்கும்போது இதயத்துக்கு மேல சுமார் 30 செ.மீ. உயரத்துல மூளை இருக்கு. மேல் மாடில பைப்பைத் திறந்தா தண்ணி கீழ் வீட்டு வேகத்துல வராதே, அதே கணக்குதான் இங்கயும். அந்த 30 செ.மீ. ஏறுறதுக்குள்ள பிரஷர்ல 20க்கு மேல குறைஞ்சிடும் (பிபி மெஷின்ல காட்டுற அதே யூனிட்ல). கைல 120 காட்டினா தலைல 100 கூட இருக்காது. இது நல்லா இருக்குற ஆளுக்கே தினமும் நடக்குறது, மூளையோட ரத்தக்குழாய்கள் விரிஞ்சு கொடுத்துச் சமாளிச்சுக்கும். ஆனா அந்தச் சமாளிப்புக்கு ஒரு எல்லை இருக்கு. கைல எடுக்குற மேல் பிபி 60 பக்கத்துக்கு இறங்கிட்டா நிக்கிற ஆளோட மூளைக்கு மிச்சம் போறது பத்தாது.

நின்னா உடம்பு என்ன பண்ணும்

எழுந்து நின்ன உடனே அரை லிட்டர்லேர்ந்து ஒரு லிட்டர் வரைக்கும் ரத்தம் கீழ வயித்துலயும் கால்லயும் இறங்கித் தேங்கும். இதயத்துக்குத் திரும்பி வர்ற ரத்தம் குறையும், பிபி இறங்கப் பார்க்கும். இதைக் கண்டுபிடிக்க கழுத்து ரத்தக்குழாய்லயும், இதயத்துக்கு மேல பெருந்தமனி வளைவுலயும் பிரஷர் சென்சார் மாதிரி நரம்பு முனைகள் இருக்கு. அதுங்க மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்பும், அங்கேயிருந்து ரெண்டு உத்தரவு கிளம்பும்.

1. உடம்பை உசுப்பி விடுற சிம்பதெடிக் நரம்புகளோட வேலையைக் கூட்டு. ரத்தக்குழாய்கள் இறுகும், இதயம் வேகமாகும்.
2. வேகஸ் நரம்பைக் குறை. இது மூளைத்தண்டுல இருந்து கழுத்து வழியா நெஞ்சு, வயிறுன்னு இறங்குற பத்தாவது நரம்பு. இதயத்துக்கு இதுதான் பிரேக். பிரேக்கை லேசா விட்டா பல்ஸ் ஏறும்.

இதெல்லாம் சில செகண்ட்ல நடந்துடும், நமக்குத் தெரியவே தெரியாது. கூடவே நடக்கும்போது கெண்டைக்கால் தசை ரத்தத்தைப் பிழிஞ்சு மேல தள்ளும். விடியக்காலம் மேடு ஏறி இறங்கி ரப்பர் வெட்டுற அப்பன் விழாம, கோயில்ல அசையாம நிக்கிற அவர் மகன் விழுறதுக்கு இதுவும் ஒரு காரணம். அசையாம நின்னா அந்தப் பம்ப் ஓடாது.

உத்தரவு தலைகீழா மாறுற நேரம்

வேசோவேகல் மயக்கத்துல, கொஞ்ச நேரம் ஒழுங்கா சமாளிச்சுக்கிட்டிருந்த அதே சிஸ்டம் திடீர்னு நேர் எதிரா திரும்புது. சிம்பதெடிக் உத்தரவு நின்னு போகுது, இறுகியிருந்த ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரியுது, ரத்தம் இன்னும் கீழேயே தேங்குது. அதே நேரத்துல வேகஸ் பிரேக்கை அழுத்துது, அதோட முனைல இருந்து வர்ற அசிடைல்கோலின்ங்கற ரசாயனம் இதயத்தோட தாளத்தைக் குறைக்குது. பல்ஸ் 100ல இருந்து 40க்கு வரலாம், சில பேருக்குச் சில செகண்ட் இதயம் துடிக்காமலே கூட நிக்கலாம். கேட்கப் பயமா இருக்கும், ஆனா ஆளு படுத்துட்டா திரும்ப ஆரம்பிச்சுடும்.

இதுல பல பேர் தப்பா புரிஞ்சுக்குற இடம் ஒண்ணு இருக்கு. எல்லாப் பழியையும் வேகஸ் மேல போட்டு, இதயம் மெதுவாச்சு அதனால மயக்கம்னு முடிச்சுடுவாங்க. உண்மைல கை கால் தசைகளோட ரத்தக்குழாயை விரிக்கிறது வேகஸ் இல்ல, சிம்பதெடிக் தன் பிடியை விடுறதுதான். 1932லயே இங்கிலாந்து டாக்டர் தாமஸ் லூயிஸ் இதைப் பார்த்துட்டார். மயங்கின ஆளுக்கு வேகஸைத் தடுக்குற அட்ரோபின் மருந்து கொடுத்தா பல்ஸ் ஏறிடுச்சு, ஆனா பிபி ஏறல, ஆளும் தெளியல. அதாவது பிரேக்கை எடுத்தாலும் பிரஷர் வரல, ஏன்னா குழாய்கள் விரிஞ்சே கிடக்கு. குழாய் பாதி, வேகஸ் பாதின்னு ரெண்டையும் சேர்த்துதான் வேசோவேகல்னு பேர்.

சிஸ்டம் ஏன் இப்படித் தலைகீழா மாறுதுங்கறதுல ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள இன்னும் சண்டை ஓடுது. காலியா இருக்குற இதயம் வேகமாச் சுருங்குறதை அங்க இருக்குற நரம்பு முனைகள் தப்பா எடுத்துக்குதுன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாங்க, ஆனா இதயம் மாத்தி வச்சவங்களுக்கும் இது வருதுன்னு தெரிஞ்சதுல அந்த விளக்கம் மட்டும் போதாதுன்னு ஆயிடுச்சு.

ஊசி, ரத்தம், வலி, பயம் இதுகளைப் பார்த்து விழுறவங்களுக்குத் தூண்டுதல் மேல மூளைல இருந்து வருது, ஆனா கடைசி வழி ஒண்ணுதான். அவங்கள்ல நிறையப் பேருக்கு ரத்தத்தைப் பார்த்ததும் முதல்ல பல்ஸும் பிபியும் ஏறும், அப்புறம்தான் மடமடன்னு இறங்கும்.

ஒரு பையனை வச்சுப் பார்ப்போம்

பதினேழு வயசு, ஒல்லி, உயரம். பெரிய வெள்ளி, ஒருசந்தி விரதம். காலைல ஒரு கட்டன் சாயா மட்டும். மத்தியானம் மூணு மணி ஆராதனை, கோயில் நிறைய ஆளு, இவன் பின்னாடி தூண் பக்கம் நிக்கிறான், ஃபேன் எட்டாது. யோவான் எழுதின பாடுகளின் வரலாறு வாசிக்கிறாங்க, நின்னுதான் கேக்கணும், நீளம் அதிகம். நடுவுல இயேசு உயிர் விடுற இடத்துல எல்லாரும் முழங்கால் போடுவாங்க, அதுவரைக்கும் நின்னிருந்தா இவன் தப்பிச்சிருப்பான். கீழ வர்ற நம்பர்லாம் இந்த மாதிரி கேஸ்ல வழக்கமா இருக்குறது, உதாரணத்துக்கு.

1. ஆரம்பம். பிபி 112/70, பல்ஸ் 74. தண்ணி குடிக்கல, வேர்த்துக் கொட்டுது, உடம்புல சுத்துற ரத்தமே கொஞ்சம் கம்மி. புழுக்கத்துல தோல் ரத்தக்குழாய்களும் விரிஞ்சு கிடக்கு.

2. பத்துப் பதினஞ்சு நிமிஷம் கழிச்சு. பல்ஸ் 105. பிபி 106/76. பார்த்தா ஒண்ணும் தெரியாது, ஆனா பிபியைப் பிடிச்சு வைக்க உடம்பு முழு மூச்சா வேலை செய்யுது.

3. கடைசி ஒண்ணு ரெண்டு நிமிஷம். கொட்டாவி, வயித்தைப் புரட்டுது, குளிர்ந்த வேர்வை, முகம் வெளிறி வாழைத்தண்டு கலராகுது. அப்புறம் கண் ஓரத்துல இருந்து இருட்டிக்கிட்டு வருது, வாசிக்கிறவர் சத்தம் தூரத்துல கேக்குற மாதிரி ஆகுது. கண்ணு முதல்ல போறதுக்குக் காரணம் இருக்கு. கண்ணுக்குள்ளேயே 10லேர்ந்து 20 வரைக்கும் ஒரு பிரஷர் எப்பவும் இருக்கும், அதைத் தாண்டித்தான் ரத்தம் விழித்திரைக்குள்ள போகணும். அதனால பிபி இறங்கும்போது மூளைக்கு முன்னாடியே விழித்திரை பட்டினி கிடக்க ஆரம்பிச்சுடும். இது கடைசி எச்சரிக்கை மாதிரி, இப்ப உக்காந்தாலோ படுத்தாலோ விழ மாட்டான்.

4. விழுறது. பிபி 60/35, பல்ஸ் 40. தலை உயரத்துல இன்னும் 20க்கு மேல கழிச்சுக்கணும். முழங்கால் மடங்குது, பொத்துனு சரியுறான். கண்ணு திறந்தே இருக்கும், மேல பார்த்த மாதிரி. செத்துட்டானோன்னு பக்கத்துல இருக்குறவங்க பயப்படுறது இதைப் பார்த்துத்தான்.

இங்கேயே தரைல நீட்டி விட்டிருந்தா விஷயம் முடிஞ்சது. படுத்த உடனே அந்த 30 செ.மீ. ஏத்தம் இல்ல, கால்ல தேங்கின ரத்தமும் நெஞ்சுக்குத் திரும்பிடும். விழுறது உடம்பே தனக்குப் பண்ணிக்கிற வைத்தியம்னு கூட சொல்லலாம், தலை எங்கயும் அடிபடாம இருந்தா.

தாங்கிப் பிடிக்கிறதுல வர்ற வினை

ஆனா நம்ம ஊர்ல யாரையும் தரைல விழ விட மாட்டாங்களே. "லேய் பிடி பிடி"ன்னு ரெண்டு பேர் கக்கத்துல கை கொடுத்துத் தூக்கிடுவாங்க, பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உக்கார வச்சு, தலை சாயாம ஒருத்தர் பின்னாடி நின்னு நிமித்திப் பிடிப்பார், இன்னொருத்தர் வாய்ல சோடா ஊத்தப் பார்ப்பார். எல்லாம் பாசத்துலதான். ஆனா அந்தப் பையனோட பிபி இன்னும் 60லதான் இருக்கு, மூளை இன்னும் இதயத்துக்கு மேல 30 செ.மீ. உயரத்துலயே இருக்கு. அஞ்சு செகண்ட்ல திரும்ப வேண்டிய ரத்தம் வரல. பத்து, பதினஞ்சு செகண்ட்னு போகப் போக உடம்பு விறைக்குது, கை கால் நாலஞ்சு தடவை வெட்டுது.

மேல் மூளைக்கு ரத்தம் போகாம அது அடங்கிப் போனதும், கீழ இருக்குற மூளைத்தண்டு கட்டுப்பாடு இல்லாம இயங்குறதால வர்ற வெட்டுதான் இது. வலிப்புல நடக்குறது வேற, அங்க மூளையோட மின்சாரம் தாறுமாறா பொங்குது. 1994ல ஜெர்மனில வாலண்டியர்களை வேணும்னே மயக்கமடைய வச்சு வீடியோ எடுத்து ஆராய்ஞ்சாங்க, முழுசா நினைவிழந்த 42 பேர்ல 90 சதவீதம் பேருக்கு இப்படி வெட்டல் இருந்துச்சு. எல்லாரும் நல்ல ஆரோக்கியமான ஆட்கள். அதனால கை கால் வெட்டுச்சுங்கற ஒரே காரணத்துக்காக வலிப்புன்னு முடிவு கட்டக் கூடாது.

இதுக்குள்ள யாராவது "சாவிக்கொத்து எடு மக்கா"ன்னு சொல்லி கைல இரும்பைத் திணிச்சிருப்பாங்க. சாவி தேடி எடுக்குறதுக்குள்ள கூட்டம் விலகி, ஆளும் கை நழுவி சேர்ல சரிஞ்சு பாதி படுத்த மாதிரி ஆகியிருப்பான், ரத்தம் திரும்பியிருக்கும், தெளிஞ்சுடுவான். பேர் வாங்கிட்டுப் போறது சாவி. அப்புறம் அவன் வீட்டுக்கு வெளிய, அவனுக்கு சுழலி இருக்காம்னு பேச்சு ஆரம்பிக்கும், பொம்பளப் பிள்ளையா இருந்தா அது கல்யாணம் வரைக்கும் பின்னாடியே வரும். இந்தப் பேச்சுக்கு பயந்து டாக்டர்கிட்ட பாதி மறைச்சு சொல்றதும் உண்டு, அது இன்னும் மோசம்.

வலிப்பா மயக்கமான்னு பார்த்தவங்க எப்படிச் சொல்றது

டாக்டர் பார்க்கும்போது ஆளு சாதாரணமா உக்காந்திருப்பான். அதனால பக்கத்துல நின்னவங்க சொல்றதுதான் பெரிய ஆதாரம். யாராவது போன்ல வீடியோ எடுத்திருந்தா அதுவும் உதவும். கவனிக்க வேண்டியது இதுதான்.

1. முன்னாடி என்ன? நின்னது, புழுக்கம், பசி, ஊசி, வேர்வை, வயித்தைப் புரட்டல் இருந்தா மயக்கம் பக்கம் சாயும்.
2. எத்தனை வெட்டு? மயக்கத்துல பத்துக்குள்ள இருக்கும், ஒழுங்கில்லாம இருக்கும். வலிப்புல இருபதுக்கு மேல போகும், ஒரே தாளமா, ஒண்ணு ரெண்டு நிமிஷம் நீளும்.
3. முகம் என்ன கலர்? மயக்கத்துல வெளிறும். வலிப்புல நீலம் பாரிக்கலாம்.
4. நாக்கு ஓரம் கடிபட்டிருக்கா? பக்கவாட்டுல ஆழமான கடின்னா வலிப்பைச் சந்தேகப்படணும்.
5. முழிச்ச உடனே எப்படி? இது ரொம்ப முக்கியம். மயக்கம்னா அரை நிமிஷத்துல ஆளைத் தெரியும், "என்ன ஆச்சு"ன்னு கேப்பான், அசதி மட்டும் சாயங்காலம் வரைக்கும் இருக்கும். வலிப்புன்னா பல நிமிஷம் குழப்பம், யாரையும் அடையாளம் தெரியாது.

துணில சிறுநீர் போயிடுச்சுன்னா வலிப்புதான்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது ரெண்டுலயும் வரும், அதை வச்சு எதையும் சொல்ல முடியாது.

என்ன பண்ணணும்

பக்கத்துல இருக்குறவங்களுக்கு வேலை ரொம்பக் கம்மி. தலை அடிபடாம கீழ இறக்கி மல்லாக்கப் படுக்க வைக்கணும், காலை ஒரு சேர் மேலயோ யார் தோள் மேலயோ தூக்கி வைக்கணும், கழுத்து பட்டனைத் தளர்த்தணும். மாசமா இருக்குற பொண்ணுன்னா இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். முழுசா தெளியுற வரைக்கும் வாய்ல தண்ணி, சோடா எதுவும் ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். மூச்சு இல்லன்னாலோ ஒரு நிமிஷத்துக்கு மேல தெளியலன்னாலோ 108 கூப்பிடணும், தமிழ்நாடு, கேரளா எல்லைக்கு ரெண்டு பக்கமும் அதே நம்பர்தான். தெளிஞ்ச உடனே எழுப்பி நடக்க வச்சா திரும்ப விழுவான், பத்து நிமிஷமாவது படுத்துட்டு, உக்காந்து, அப்புறம் நிக்கட்டும்.

இப்படி அடிக்கடி வர்றவங்களுக்கு அந்த மூணாவது கட்டத்துல, கண்ணு இருட்டுறதுக்கு முன்னாடி, சில செகண்ட் கைல இருக்கு. உக்கார முடிஞ்சா உக்காரணும், குத்த வச்சு உக்காந்தா இன்னும் நல்லது. முடியாத இடம்னா காலைப் பின்னிக்கிட்டுத் தொடையையும் பின்பக்கத்தையும் இறுக்கணும், ரெண்டு கையையும் கோத்து எதிரெதிரா இழுக்கணும். தேங்கின ரத்தத்தைத் தசை பிழிஞ்சு மேல அனுப்பும், பிபி கொஞ்சம் ஏறும், படுக்க ஒரு இடம் தேடுற அளவுக்கு நேரம் கிடைக்கும். ரத்தம் குடுக்கப் போறவங்க முன்னாடி அரை லிட்டர் தண்ணி குடிச்சுட்டுப் போனா விழுற வாய்ப்பு குறையும். ஒருசந்தி இருக்குறவங்களும் தண்ணியை நிறுத்த வேண்டியதில்ல.

எப்ப இதை லேசா விடக் கூடாது

1. ஓடும்போது, பந்து விளையாடும்போது நடுவுல விழுந்தது.
2. படுத்திருக்கும்போது வந்தது. பிபி இறங்கினாலும் படுத்த ஆளுக்கு மூளைக்கு ரத்தம் போகும், அதனால வேசோவேகல் அப்படி வர்றது அபூர்வம்.
3. எந்த முன்னறிவிப்பும் இல்லாம, பேசிட்டே இருக்கும்போது பட்டுனு விழுந்தது, இல்ல விழுறதுக்கு முன்னாடி நெஞ்சு படபடன்னு அடிச்சது, வலிச்சது.
4. குடும்பத்துல இளவயசுல திடீர்னு இறந்தவங்க இருக்குறது.
5. ஏற்கெனவே இதய நோய் உள்ளவங்க, இல்ல வயசானப்புறம் முதல் தடவையா வர்றது.

இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே இதய டாக்டரைப் பார்க்கணும். எதுவும் இல்லன்னாலும், முதல் தடவை மயங்கின எல்லாருக்கும் ஒரு இசிஜியும், படுக்க வச்சும் நிக்க வச்சும் பிபியும் பார்க்கணும். நம்மாளுங்க முதல்ல ஓடுறது தலைக்கு ஸ்கேன் எடுக்க, அடி பட்டிருந்தாலோ நரம்புக் கோளாறு அறிகுறி இருந்தாலோ தவிர அதுல ஒண்ணும் கிடைக்காது.

அப்பவும் சந்தேகம் தீரலன்னா டில்ட் டேபிள்னு ஒரு டெஸ்ட் இருக்கு. 1986ல இருந்து மயக்கத்துக்குப் பயன்படுத்துறாங்க. பெல்ட் போட்டு மேசைல கட்டி, 60லேர்ந்து 70 டிகிரிக்கு நிமித்தி, பிபியும் இசிஜியும் ஓட விட்டுக் காத்திருப்பாங்க. மயக்கம் வந்தா திரைல பிபி சரியுறதையும் பல்ஸ் குறையுறதையும் எது முதல்ல எது பின்னாடின்னு பார்த்துடலாம், உடனே மேசையைப் படுக்க வச்சா ஆளு தெளிஞ்சுடுவார். பேஸ்மேக்கர் வைக்கலாமான்னு சிலர் கேப்பாங்க. அது இதயம் மெதுவாகுறதை மட்டும்தான் சரி பண்ணும், விரிஞ்ச குழாயை இறுக்காது, லூயிஸோட அட்ரோபின் மாதிரியேதான். அதனால நடுவயசைத் தாண்டி, மயக்கத்தப்ப இதயம் பல செகண்ட் நின்னு போறது ரெக்கார்டுல பிடிபட்ட கொஞ்சம் பேருக்குத்தான் அதை யோசிப்பாங்க, பதினேழு வயசுப் பையனுக்குத் தண்ணி, உப்பு, காலைப் பின்னிக்கிற அந்தப் பழக்கம் இதுதான் எழுதிக் குடுப்பாங்க.